ஒரே நேரத்தில் இரண்டு இன்டர்வியூ: ஒன்றை மாற்றச் சொல்லி எப்படிக் கேட்பது?

தளிர்நடை (திங்கள், பிற்பகல் 3.10)

வணக்கம். வரும் வியாழன் காலை 11 மணிக்கு ஒரு கம்பெனியில் முதல் டெக்னிக்கல் ரவுண்டு. வீடியோ கால், ஒரு மணி நேரம், ஒரே ஒருவர்தான் பார்க்கிறார். போன வாரமே சரி சொல்லிவிட்டேன். இதை 'அ' என்று வைத்துக்கொள்வோம்.

இன்று மதியம் 'ஆ' கம்பெனியிலிருந்து இறுதிச் சுற்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதே வியாழன், 10.30 முதல் 1.30 வரை, நேரில் போக வேண்டும். நான்கு பேர் அடுத்தடுத்துப் பார்ப்பார்களாம். இதற்கு இன்னும் பதில் போடவில்லை.

இரண்டு வேலையும் எனக்கு வேண்டும். எதை மாற்றக் கேட்பது, என்ன எழுதுவது, கேட்டாலே வாய்ப்பு குறைந்துவிடுமா? மாலைக்குள் ஏதாவது அனுப்பியாக வேண்டும்.

குறிஞ்சிக்காரன் (திங்கள், 3.25)

இதுக்கு இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் நண்பா. முதல்ல ஒத்துக்கிட்டது அ. அதை அப்படியே வச்சுக்கோங்க, ரெண்டாவதா வந்ததை மாத்தச் சொல்லுங்க. அதுதான் நியாயம்.

மெயில் எல்லாம் வேண்டாம். காலண்டர் அழைப்பைத் திறந்தா Propose new time-னு இருக்கும். அழுத்தி வேற நேரம் போட்டுட்டா முடிஞ்சுது. காரணம் கேட்டா உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க, அதுக்கு மேல யாரும் நோண்ட மாட்டாங்க.

அட்டவணைக்காரி (திங்கள், 4.05)

என் வேலையே இன்டர்வியூக்களுக்கு நேரம் குறிப்பதுதான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒத்துக்கொண்டதைக் காப்பாற்றுவது நல்ல பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் இங்கே பார்க்க வேண்டியது எத்தனை பேருடைய நேரம் கலையும் என்பது. அ-வில் ஒருவர், ஒரு மணி நேரம். அவருடைய காலண்டரில் அதே வாரத்தில் இன்னொரு மணி நேரம் தேடினால் போதும். ஆ-வில் நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம், ஒரு அறை, வாசலில் பாஸ் எல்லாம் ஏற்பாடு செய்திருப்பார்கள். அதைக் கலைத்தால் அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோதான் மறுபடி கூடும். அதற்குள் அதே வேலைக்கு வந்த இன்னொருவர் இறுதிச் சுற்றை முடித்துவிட்டால், உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லாமலே இடம் போய்விடும். நேரம் மாற்றுவதால் வாய்ப்பு குறைகிற இடம் பெரும்பாலும் இதுதான். யாரும் கோபப்படுவதில்லை, ஆனால் வரிசை நகர்ந்துவிடுகிறது.

அதனால் அ-வை மாற்றக் கேளுங்கள். ஆனால் எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். இரண்டு கம்பெனிக்கும் ஒரே சமயத்தில் "மாற்ற முடியுமா" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு பேரும் தாராளமாக ஒத்துக்கொண்டு, இரண்டுமே வெள்ளி காலை 11-க்கு வந்து நிற்கும். இன்று மாலை அ-வின் ஹெச்.ஆரை ஃபோனில் பிடியுங்கள். வியாழனை மாற்ற வழி இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பேசி முடித்த கையோடு அதையே மெயிலாகப் போடுங்கள். ஆ-வுக்கு நாளை காலை சம்மதம் சொன்னால் போதும். ஒரு வேலை நாளுக்குள் வருகிற பதிலை யாரும் தாமதம் என்று எண்ணமாட்டார்கள்.

குறிஞ்சிக்காரன் சொன்ன பொத்தானைப் பற்றி. அது கெட்டதில்லை, ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. நீங்கள் முன்வைக்கிற நேரம் அழைப்பை உருவாக்கியவருக்குத்தான் போகும். பல இடங்களில் அதை உருவாக்குவது ஒரு பொதுவான மெயில்பெட்டி அல்லது மென்பொருள். அங்கே போய் விழுந்தால் யார் எப்போது பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் அந்த வசதியையே அணைத்தும் வைத்திருப்பார்கள். அதோடு, அதில் ஒரு நேரத்தைத்தான் சொல்ல முடியும். அது சரிப்படாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று: புது நேரம் முடிவாகும்வரை பழைய அழைப்பில் Decline அழுத்தாதீர்கள். உங்கள் மெயிலைப் பார்த்திராத இன்டர்வியூவர் காலண்டரில் அதை மட்டும் பார்த்தால், ஆளே விலகிவிட்டார் என்று நினைப்பார்.

உடம்பு சரியில்லை என்பது இங்கே எடுபடவும் செய்யாது. திங்கட்கிழமை உட்கார்ந்துகொண்டு வியாழக்கிழமை 11 மணிக்கு உடம்பு சரியிருக்காது என்று எப்படிச் சொல்வது? பொய் என்பது ஒரு பக்கம், கணக்கும் பொருந்தவில்லை.

தளிர்நடை (திங்கள், 4.20)

மிக்க நன்றி மேடம். ஃபோனில் என்ன சொல்வது, மெயிலில் என்ன எழுதுவது என்று ஒரு மாதிரி கிடைக்குமா? நான் எழுதிப் பார்த்தது மன்னிப்புக் கடிதம் போல ஆகிவிட்டது.

அட்டவணைக்காரி (திங்கள், 4.50)

ஃபோனில் இரண்டு வாக்கியம் போதும்: "வியாழன் 11 மணி டெக்னிக்கல் ரவுண்டு பற்றிக் கூப்பிட்டேன். அதே நேரத்தில் தவிர்க்க முடியாத வேறொன்று வந்துவிட்டது, வேறு நேரம் பார்க்க முடியுமா?" அவர் பேசட்டும். அநேகமாக "மெயில் போடுங்க, பார்க்கிறேன்" என்பார்.

மெயிலைப் புதிதாகத் தொடங்காதீர்கள். அழைப்பு வந்த அதே மெயிலுக்கு, அதில் இருந்த எல்லாரையும் வைத்தே பதில் போடுங்கள். தலைப்பை மாற்றவும் வேண்டாம். நாங்கள் தேடும்போது அந்த இழையில்தான் தேடுவோம். எந்த மொழியில் எழுதினாலும் உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

> வணக்கம். வரும் வியாழன் காலை 11 மணிக்கு முதல் டெக்னிக்கல் ரவுண்டு குறித்திருக்கிறீர்கள். தவிர்க்க முடியாத வேறொரு வேலை அதே நேரத்தில் வந்துவிட்டதால், நேரத்தை மாற்றித் தர இயலுமா என்று கேட்கிறேன். சிரமத்துக்கு வருந்துகிறேன்.
>
> எனக்கு ஏற்ற நேரங்கள்:
> புதன், பிற்பகல் 2 முதல் 6 வரை
> வெள்ளி, காலை 10 முதல் 1 வரை
> திங்கள், பிற்பகல் 2 முதல் 6 வரை
>
> இவற்றில் எந்த ஒரு மணி நேரமானாலும் சம்மதம், அழைப்பை நேரடியாக அனுப்பிவிடலாம். இந்தப் பணியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. தொடர்புக்கு என் எண் கீழே.

கவனிக்க வேண்டியது "நேரடியாக அனுப்பிவிடலாம்" என்ற வரி. நாங்கள் இன்டர்வியூவர் காலண்டரைத் திறந்து, உங்கள் மூன்றில் எது காலியோ அதில் போட்டு அனுப்பிவிடுவோம், வேலை ஒரே முறையில் முடியும். "உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்டு அனுப்பினால் பணிவாகத்தான் இருக்கும், ஆனால் குறைந்தது இரண்டு மெயில் கூடுதலாகப் போய்வர வேண்டும். அந்த இடைவெளியில்தான் மறதி நுழைகிறது.

நேரங்களை 15 நிமிடத் துண்டாகத் தராமல் மூன்று நான்கு மணி நேர அகலத்தில் தாருங்கள். ஒன்று பழைய தேதிக்கு முன்னால் இருப்பது நல்லது. முன்னால் வரத் தயார் என்பவரைப் பார்த்து, தள்ளிப்போடுகிறார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். உங்களுக்கும் அது தேவை. ஆ அடுத்த வாரமே வேலை தந்து மூன்று நாளில் பதில் கேட்டால், அப்போது அ இன்னும் முதல் சுற்றில் இருக்கக்கூடாது இல்லையா?

மன்னிப்பு ஒரு முறை போதும்.

கருவேலம் (திங்கள், 5.15)

அட்டவணைக்காரி சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. "தவிர்க்க முடியாத வேறொரு வேலை" என்று மூடிமறைப்பானேன்? இன்னொரு கம்பெனியின் இறுதிச் சுற்று என்று வெளிப்படையாகச் சொன்னால் இரண்டு நன்மை. உண்மையைச் சொன்னதாகும். அடுத்து, இந்த ஆள் சீக்கிரம் கைவிட்டுப் போகக்கூடும் என்று தெரிந்தால் அவர்களே வேகம் காட்டுவார்கள். வேலை தேடுபவர் நான்கு இடத்தில் பேசுவார் என்பது ஹெச்.ஆருக்குத் தெரியாதா என்ன?

அட்டவணைக்காரி (திங்கள், 5.40)

தெரியும். ஆனால் எந்தக் கட்டத்தில் சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. அ-வில் இவரை இன்னும் யாருமே பார்க்கவில்லை. பார்க்காத ஒருவருக்காக வேகம் காட்ட அவர்களுக்குக் காரணம் இல்லை. "எங்களைவிட அவர்களை மேலே வைத்திருக்கிறார்" என்பது மட்டும் பதிவாகும். இரண்டாம் சுற்று தாண்டிய பிறகு, வேறு இடத்தில் இறுதிக் கட்டத்தில் இருக்கிறேன் என்று ஃபோனில் சொன்னால் அதற்கு மதிப்புண்டு. இப்போது மெயிலில் எழுதினால் மதிப்பெண் எதுவும் கூடாது.

வேறொரு வேலை என்பது பொய்யும் இல்லை. விவரம் சொல்லவில்லை, அவ்வளவே. நேராகக் கேட்டால் மறைக்க வேண்டாம், "வேறொரு இன்டர்வியூ" என்றே சொல்லலாம். கம்பெனி பெயர் தேவையில்லை.

கருவேலம் (திங்கள், 5.52)

இடத்துக்கு இடம் மாறும் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆள் கிடைக்காமல் தவிக்கிற துறையில் முதல் சுற்றிலேயே சொல்லலாம் என்பதுதான் இன்னமும் என் கருத்து.

மதியவெயில் (திங்கள், 8.30)

டெக்னிக்கல் ரவுண்டு எடுப்பவன் பார்வையில் கொஞ்சம். நேரம் மாற்றினாரா இல்லையா என்று மதிப்பீட்டுப் படிவத்தில் கேட்கவே மாட்டார்கள். எங்களுக்குத் தெரிவதெல்லாம் காலண்டரில் ஒரு கட்டம் இங்கிருந்து அங்கே போனது மட்டும்தான், காரணம் பெரும்பாலும் எங்கள் காதுக்கு வருவதே இல்லை.

ஆனால் எப்போது சொன்னார் என்பது தெரியும். ரெஸ்யூமேயைப் படித்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக முந்தின நாளோ அன்று காலையோதான். அதற்கு முன்னால் மாற்றினால் எங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. அன்று காலை 9 மணிக்கு மாற்றினால் படித்தது வீண், அந்த ஒரு மணி நேரத்தில் வேறு எதையும் வைக்கவும் முடியாது. இவர் மூன்று நாள் முன்பே சொல்கிறார், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை.

அட்டவணைக்காரி தந்த பட்டியலில் வியாழன் பிற்பகல் இல்லாததைக் கவனியுங்கள். 1.30-க்கு முடிந்துவிடும், 3 மணிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். இறுதிச் சுற்றில் நாலாவது ஆள் பேசிக்கொண்டே போனால் 2.15 ஆகும், பிறகு சாப்பாடு, திரும்பி வரும் பயணம். மூன்று மணி நேரம் கேள்விக்குப் பதில் சொன்ன மூளையோடு கோடு எழுத உட்கார்ந்தால் எளிய பிழையைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. நேரம் மாற்றியதால் வாய்ப்பு போகாது, இப்படி மாற்றினால் போகும்.

புதன் பிற்பகல் பற்றியும் யோசியுங்கள். மறுநாள் இறுதிச் சுற்று இருக்கிறது, அன்று மாலை அதற்குத் தயாராக வேண்டாமா? தயாரிப்பு முடிந்திருந்தால் மட்டும் புதனைக் கொடுங்கள்.

அட்டவணைக்காரி (திங்கள், 8.44)

புதன் பற்றி நீங்கள் சொல்வது நியாயம் சார். முன்னால் ஒரு நாள் தருவது நல்லது என்பது என் பக்கத்துப் பார்வை. அன்று இவரால் முழு பலத்தோடு உட்கார முடியுமா என்பது இவருக்குத்தான் தெரியும்.

புதுப்பானை (திங்கள், 9.20)

எனக்கும் இதே பிரச்சினைதான். எனக்கு வந்த இன்டர்வியூ லெட்டரில் பதிவு எண், தேதி, நேரம் எல்லாம் போட்டு, கீழே "தேதி மாற்றக் கோரிக்கை ஏற்கப்படாது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதே நாளில் எனக்குப் பல்கலைக்கழகப் பரீட்சை. நானும் மேலே இருக்கிற மாதிரி மூன்று நேரம் எழுதி அனுப்பலாமா?

அட்டவணைக்காரி (திங்கள், 9.45)

இல்லை தம்பி, உங்களுடையது வேறு வகை. நான் சொன்னதெல்லாம் ஒருவர் காலண்டரைத் திறந்து மாற்றக்கூடிய இடத்துக்கு. தேர்வு வாரியம் மாதிரி, நூற்றுக்கணக்கானவர்களுக்கு நாள்வாரியாகப் பிரித்துப் பட்டியல் போடும் இடத்தில் மூன்று நேரம் எழுதி அனுப்பினால் அதை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

லெட்டரையும் அறிவிப்பையும் முழுசாகப் படியுங்கள். சில அறிவிப்புகளில், வேறொரு தேர்வோடு மோதினால் மட்டும் விதிவிலக்கு என்று ஒரு பத்தி இருக்கும். இருந்தால் அதில் சொன்ன முகவரிக்கு, சொன்ன கெடுவுக்குள், பதிவு எண்ணோடு பரீட்சை ஹால் டிக்கெட் நகலை இணைத்து அனுப்புங்கள். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: பட்டியலுக்குள் வேறு எந்த நாளானாலும் வருகிறேன். அன்றே வேறு வேளை கொடுத்தாலும் போதும் என்றால் அதையும் எழுதுங்கள். காலைக் குழுவிலிருந்து பிற்பகல் குழுவுக்கு மாற்றுவது அவர்களுக்குத் தேதி மாற்றுவதைவிடச் சுலபம்.

அந்தப் பத்தி இல்லை, பதிலும் எழுத்தில் வரவில்லை என்றால், மாறிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் துணைத்தேர்வு எழுத வழி இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். இரண்டில் எது திரும்ப வரும், எது வராது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

புதுப்பானை (திங்கள், 9.58)

சரிங்க மேடம். அறிவிப்பு முப்பது பக்கம், இன்னும் முழுசாகப் படிக்கவில்லை. படித்துப் பார்க்கிறேன்.

சிறுகுறிப்பு (செவ்வாய், காலை 7.40)

நடுவில் ஒரு கேள்வி. ஏற்கெனவே ஒரு முறை தேதி மாறிவிட்டது, ஆனால் மாற்றியது கம்பெனி. இப்போது அவர்கள் தந்த புது நேரம் என் ஷிப்டில் விழுகிறது. இன்னொரு முறை கேட்டால் என் கணக்கில் இரண்டாகிவிடுமா?

குறிஞ்சிக்காரன் (செவ்வாய், 8.05)

அவங்க மாத்தினது அவங்க கணக்கு. தைரியமா கேளுங்க.

அட்டவணைக்காரி (செவ்வாய், 8.30)

கேட்கலாம், அது சரி. ஆனால் இந்த இடைவெளியில் ஹெச்.ஆர் ஆள் மாறியிருந்தால், புதிதாக வந்தவர் பார்ப்பது "இரண்டாம் முறை மாற்றம்" என்பதை மட்டும்தான். அதனால் மெயிலில் குறை சொல்லாமல் ஒரு வரி: "முதலில் குறித்த 5-ஆம் தேதி உங்கள் தரப்பில் 9-க்கு மாற்றப்பட்டது, 9-ஆம் தேதி எனக்கு வேலை நேரம்." தகவலாகப் பதிவாகிவிடும்.

இந்த முறை நேரத்தை இன்னும் அகலமாகக் கொடுங்கள். ஷிப்ட் மாற்றியோ விடுப்பு எடுத்தோ ஒரு முழு நாளைக் காலியாக்கி, "அன்று காலை 9 முதல் மாலை 6 வரை எப்போதானாலும்" என்று எழுதுங்கள். மூன்றாம் முறை கேட்கிற நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் காரணமாக இருந்தாலும், மூன்று முறை நகர்ந்த இன்டர்வியூவுக்கு மறுபடி நேரம் தேட எங்கள் பக்கத்தில் ஆர்வம் குறைந்துவிடுகிறது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

தளிர்நடை (செவ்வாய், இரவு 9.15)

நிலவரம் சொல்கிறேன். நேற்று மாலை அ-வின் ஹெச்.ஆரோடு பேசினேன். "ஒன்றும் பிரச்சினை இல்லை, மெயில் போடுங்கள்" என்றார். உடனே போட்டேன். புதனை எடுத்துவிட்டு வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று கொடுத்தேன். இன்று காலை ஆ-வுக்குச் சம்மதம் சொல்லியாயிற்று.

ஆனால் அ-விடமிருந்து மெயிலுக்குப் பதிலே இல்லை. காலண்டரில் வியாழன் 11 மணி அப்படியே நிற்கிறது. என்ன செய்வது?

குறிஞ்சிக்காரன் (செவ்வாய், 9.22)

அவங்களே வாயால பிரச்சினை இல்லைன்னு சொல்லிட்டாங்களே. மெயிலும் கையில இருக்கு. நிம்மதியா ஆ-வுக்குத் தயாராகுங்க.

அட்டவணைக்காரி (செவ்வாய், 9.50)

வேண்டாம், இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஹெச்.ஆர் சொன்ன "பிரச்சினை இல்லை" அவர் மனதில் இருக்கிறது, இன்டர்வியூவர் காலண்டரில் இல்லை. வியாழன் 11-க்கு அவர் வீடியோவைத் திறந்து காத்திருப்பார். பத்து பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று குறித்துவிட்டுப் போவார். மதியவெயில் சொன்ன மதிப்பீட்டுப் படிவத்தில் நேரம் மாற்றத்துக்கு இடமில்லை, வராததற்கு உண்டு. அது ஒரு முறை ஏறிவிட்டால், உங்கள் மெயிலைக் காட்டி நீக்கச் சொல்லலாம், ஆனால் அந்த வேலை அடுத்தவர் கருணையில் போய் நிற்கும்.

எழுத்தில் மாறும்வரை பழைய நேரம்தான் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை காலை 10 மணிக்கு ஃபோன் செய்யுங்கள். "புது நேரம் கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள். அவர் இன்டர்வியூவரிடம் கேட்க வேண்டியிருக்கும், மறுபடி "பார்க்கிறேன்" என்பார். கேட்க வேண்டியது இது: "புது நேரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வியாழன் 11 மணி அழைப்பை மட்டும் இப்போதே ரத்து செய்துவிட முடியுமா?" அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, அரை நிமிட வேலை. ரத்தானதும் இன்டர்வியூவருக்குத் தானாகத் தகவல் போய்விடும், உங்கள் ஆபத்தும் தீர்ந்தது.

ஃபோன் எடுக்காவிட்டால் அதே மெயில் இழையில் இரண்டு வரி: வியாழன் 11 மணிக்கு என்னால் வர இயலாது, யாரும் காத்திருக்க நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன், அழைப்பை ரத்து செய்துவிடுங்கள். அவர் விடுப்பில் இருந்தால் தானியங்கிப் பதிலில் இன்னொருவர் பெயர் இருக்கும், அவரைப் பிடியுங்கள். புதன் பிற்பகல் 3 வரை எதுவும் நடக்காவிட்டால் இன்டர்வியூவருக்கே எழுதலாம். அவர் முகவரி அழைப்பில் தெரியும். ஹெச்.ஆரைப் பிரதியில் வைத்து, மூன்றே வரி.

மதியவெயில் (செவ்வாய், 10.10)

அப்படி நேராக எனக்கு வந்தால் நன்றிதான் சொல்வேன். வழக்கமாக இன்டர்வியூவருக்கு நேராக எழுதக்கூடாது என்பார்கள், காத்திருக்க வைக்காமல் இருப்பதற்காக எழுதினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதில் புது நேரம் பேரம் பேச ஆரம்பிக்காதீர்கள். ரெஸ்யூமேயை இணைப்பதும் வேண்டாம்.

கருவேலம் (செவ்வாய், 10.25)

அ அசையவே இல்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆ-வில் நான்கு பேர் அடுத்தடுத்துத்தானே? தேதியை மாற்றாமல், 12.30-க்குத் தொடங்கி 3.30-க்கு முடிக்க முடியுமா என்று கேட்கலாம். நாள் முழுதும் மாற்றுவதைவிட இது சின்ன வேண்டுகோள்.

அட்டவணைக்காரி (செவ்வாய், 10.40)

நல்ல யோசனைதான், ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இப்போது கேட்டால், இன்று காலை சரி சொன்னவர் இரவு மாற்றுகிறார் என்றாகிவிடும். அதோடு 12-க்கு வீடியோ முடிந்து 12.30-க்கு நேரில் நிற்க இவரால் முடியுமா என்பதும் தெரியவில்லை. கடைசிக் கைவசமாக வைத்துக்கொள்ளலாம்.

தளிர்நடை (புதன், 11.05)

ஃபோன் செய்தேன். நீங்கள் சொன்னபடியே ரத்து செய்வதை மட்டும் கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ரத்து மெயில் வந்துவிட்டது. இன்டர்வியூவர் வேறு நாட்டில் இருக்கிறாராம், அதனால்தான் நேற்று பதில் வரவில்லை என்றார்.

இப்போது புது அழைப்பும் வந்துவிட்டது. ஆனால் வெள்ளி பிற்பகல் 1.30 என்று காட்டுகிறது. நான் கொடுத்தது 10 முதல் 1. எனக்கு 1.30-ம் வசதிதான். தவறு என்று சொல்லித் திருத்தச் சொல்லவா, அப்படியே ஏற்கவா?

அட்டவணைக்காரி (புதன், 11.30)

வசதி என்றால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்தச் சொன்னால் அது இன்னொரு மாற்றம்.

ஆனால் 1.30 ஏன் வந்தது என்று யோசித்துவிட்டு ஏற்பது நல்லது. மெயிலில் நேர மண்டலம் எழுதினீர்களா? எழுதாவிட்டால் உங்கள் 10 முதல் 1-ஐ அவர்கள் ஊர் நேரமாக எடுத்து, அதில் காலியான இடத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் காலண்டர் உங்கள் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. அப்படியானால் குழப்பம் ஒன்றுமில்லை. காலண்டரில் உங்கள் நேர மண்டலம் தவறாக அமைந்திருந்தால்தான் பிரச்சினை, அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். என் மாதிரியிலும் மண்டலம் சேர்த்திருக்க வேண்டும். வேறு நாடு என்று தெரிந்தால் எப்போதும் UTC-யிலிருந்து எத்தனை மணி என்று சேர்த்து எழுதுங்கள். IST என்ற மூன்றெழுத்தை மட்டும் போட்டால் போதாது, இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுமே அதைப் பயன்படுத்துகின்றன.

ஏற்றதும் மெயிலில் ஒரு வரி: "வெள்ளி பிற்பகல் 1.30 (UTC+5:30) எனக்குச் சம்மதம், மாற்றித் தந்ததற்கு நன்றி." உங்கள் மண்டலம் வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். வித்தியாசம் இருந்தால் அவர்கள் கண்ணில் உடனே படும்.

மதியவெயில் (புதன், 12.15)

புது அழைப்பில் வீடியோ லிங்க் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்து செய்து புதிதாகப் போட்டால் லிங்க்கும் பெரும்பாலும் புதிதாக இருக்கும். பழையதை எங்காவது குறித்து வைத்திருந்தால் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆளில்லாத அறையில் போய் உட்கார்ந்திருப்பீர்கள்.

தளிர்நடை (புதன், 12.40)

வீடியோ லிங்க் மாறியிருக்கிறது, பழையதை நீக்கிவிட்டேன். கோடு எழுதும் தளத்துக்கு போன வாரம் தனி மெயிலில் ஒரு லிங்க் வந்தது. அது மட்டும் புதிதாக வரவில்லை. மெயிலில் இன்னமும் வியாழன் தேதிதான் இருக்கிறது. வேலை செய்கிறதா என்று திறந்து பார்க்கவா?

மதியவெயில் (புதன், 12.55)

திறக்காதீர்கள். சில தளங்களில் உள்ளே நுழைந்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், ஒரு முறைதான் நுழையவும் முடியும். சிலவற்றில் லிங்க் குறித்த தேதியோடு காலாவதியாகும். வெளியிலிருந்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது. சம்மதம் சொல்லி அனுப்பப்போகிற மெயிலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கோடு எழுதும் லிங்க் வியாழன் தேதியில் இருக்கிறது, வெள்ளிக்குப் பொருந்துமா அல்லது புதிது வருமா? வியாழன் மாலைக்குள் பதில் இல்லாவிட்டால் வெள்ளி காலை ஹெச்.ஆருக்கு ஒரு ஃபோன். எங்கள் பக்கத்தில் புது லிங்க் உருவாக்கச் சில நிமிடம்தான் ஆகும், ஆனால் 1.30-க்கு உட்கார்ந்த பிறகு அதைச் செய்தால் அந்த நிமிடங்கள் உங்கள் ஒரு மணி நேரத்திலிருந்துதான் போகும்.